கதவுக்கு வெளியே ஒரு ஓட்டு

எங்கள் சபாநாயகரை எல்லோரும் கண்டக்டர் என்றுதான் சொல்வார்கள். முதுகுக்குப் பின்னால் இல்லை, முகத்துக்கு நேராகவே. பத்தொன்பது வருஷம் பஸ்ஸில் டிக்கெட் கிழித்தவர். அதைச் சொன்னால் அவருக்குக் கோபம் வராது. "அங்க நின்னுக்கிட்டே வேலை, இங்க உக்காந்துக்கிட்டே வேலை, அவ்ளோதான் வித்தியாசம்" என்பார்.

நான் அந்தச் சபையின் செயலாளராக இருந்தவன். அவருடைய நாற்காலி மேடைமேல், என் மேஜை அதற்கு நேர் கீழே. உறுப்பினர்கள் தேர்தலுக்குத் தேர்தல் வருவார்கள், போவார்கள். நாங்கள் அப்படியே இருப்போம். சந்தேகம் வந்தால் சபாநாயகர் குனிந்து கேட்பார், நான் முன்னால் என்ன நடந்தது என்று புத்தகத்தைப் புரட்டிச் சொல்வேன். எனக்கு வாய் கொஞ்சம் நீளம். சபைக்குள் அதைத் திறக்க அனுமதி இல்லாததால் முப்பது வருஷச் சங்கதி உள்ளேயே தங்கிவிட்டது. ஆறு சபாநாயகர்களைப் பார்த்திருக்கிறேன். இவர் ஒருவரைப் பற்றித்தான் எழுத வேண்டும் என்று தோன்றுகிறது.

அவருக்குக் கல்யாணம் ஆகவில்லை. குடும்பம் என்றால் ஒரு தம்பி. ஒரே டிப்போவில் இவர் கண்டக்டர், தம்பி டிரைவர். மாற்று ஆள் வரவில்லை என்று ஒருநாள் தம்பியை இரண்டாவது ஷிப்டும் ஓட்டச் சொன்னார்கள். பதினாறாவது மணி நேரத்தில், ஒரு வளைவில், தம்பி கண் அசந்துவிட்டார். பயணிகள் காயத்தோடு தப்பித்தார்கள். தம்பி தப்பவில்லை. முப்பத்தொரு வயது. டிப்போ மேனேஜர் விசாரணையில் சொன்ன பதில், "எட்டு மணி நேரத்துக்கு மேல ஓட்டக்கூடாதுன்னு எந்தச் சட்டத்துல இருக்கு?" என்பது. எந்தச் சட்டத்திலும் இல்லைதான்.

இவர் அரசியலுக்கு வந்தது அந்த ஒரு கேள்விக்குப் பதில் சொல்ல. சங்கம், கட்சி, தேர்தல் என்று ஏறி வந்து மூன்று முறை ஜெயித்தார். டிரைவர் எட்டு மணி நேரத்துக்கு மேல் ஓட்டக்கூடாது, இரண்டு ஷிப்டுக்கு நடுவில் பத்து மணி நேரம் ஓய்வு வேண்டும் என்று ஒரு நோட்டுப் புத்தகத்தில் தன் கையாலேயே மசோதா எழுதி வைத்திருந்தார். ஞாயிற்றுக்கிழமை தோறும் தம்பி மனைவி வீட்டில்தான் சாப்பாடு. அந்த அம்மா தையல் கடை வைத்திருந்தார். சாப்பாட்டில் பாதி நேரம் இந்த மசோதாப் புராணம்தான். "காது புளிச்சுப் போச்சு மாமா" என்பாராம் அந்த அம்மா. ஆனால் கேட்பாராம்.

மூன்றாவது முறை அவருடைய கட்சியே ஆட்சிக்கு வந்தது. அறுபத்தொரு பேர் சபையில் முப்பத்திரண்டு பேர். கட்சித் தலைவர் இவரைக் கூப்பிட்டு, "நீங்க சபாநாயகரா இருங்க. உங்க மசோதாவை அரசாங்கமே கொண்டுவரும்" என்றார். யாருக்கும் பகை இல்லாத மனிதர் என்பதால் எதிர்க்கட்சியும் ஒத்துக்கொண்டது. போட்டியே இல்லை. இரண்டு பக்கத் தலைவர்களும் ஆளுக்கு ஒரு கையைப் பிடித்து நாற்காலிவரை கூட்டிவந்து உட்கார வைத்தார்கள்.

உட்கார்ந்த அன்று சாயங்காலமே கட்சி உறுப்பினர் பதவியை விட்டு விலகிக் கடிதம் கொடுத்தார். கட்சிக்காரர்கள் அதை ஒரு சம்பிரதாயம் என்று நினைத்தார்கள். அவரிடம் ஒரு கெட்ட பழக்கம் உண்டு, எழுதிக் கொடுத்தால் அதன்படி நடப்பார்.

சபாநாயகர் விவாதத்தில் பேசக்கூடாது. ஓட்டுப் போடக்கூடாது, இரண்டு பக்கமும் சமமாக வந்தால் மட்டும் ஒரு ஓட்டு. கேள்வி நேரத்தில் தன் தொகுதிக்காகக்கூட எழுந்து கேட்க முடியாது, மந்திரிக்குத் தனியாகக் கடிதம்தான் எழுத வேண்டும். அவர் எழுதினார், வேலையும் நடந்தது, ஆனால் தொகுதியில் "நம்ம ஆளு வாயே திறக்கறதில்ல" என்று பேச்சு. உறுப்பினர்களின் கேன்டீனுக்குப் போவதை நிறுத்தினார். ஒரு மேஜையில் உட்கார்ந்தால் இன்னொரு மேஜைக்காரன் கணக்குப் போடுவான் என்றார். கல்யாண வீடுகளுக்கு எல்லாவற்றுக்கும் போக வேண்டும், இல்லையென்றால் ஒன்றுக்கும் போகக்கூடாது என்று யோசித்து, ஒன்றுக்கும் போகவில்லை. ஆறு மாதத்தில் அவருடைய போன் மணி அடிப்பதே குறைந்துவிட்டது. அரசாங்கம் கொடுத்த எட்டு அறை வீட்டில் ஒரு அறையில் மட்டும் விளக்கு எரியும். மத்தியானம் அவர் அறையில் தனியாக டிபன் பாக்ஸைத் திறந்து சாப்பிடுவதைப் பார்க்க எனக்குச் சங்கடமாக இருக்கும்.

ஒருநாள் கேட்டேவிட்டேன். "இவ்வளவு கெடுபிடி எதுக்கு சார்? முன்னாடி இருந்தவங்க இப்படி இல்லையே."

"இருபத்தொம்பது பேர் இருக்காங்க சார் அந்தப் பக்கம்" என்றார். "எந்த ஓட்டெடுப்புலயும் அவங்க தோக்கத்தான் போறாங்க. தெரிஞ்சேதான் தினம் வர்றாங்க. ஏன் வர்றாங்க? பேச நேரம் கிடைக்கும், கேள்வி கேட்டா பதில் வரும், எண்ணினா ஒழுங்கா எண்ணுவாங்கன்னு ஒரு நம்பிக்கை. அது போச்சுன்னா அவங்க உள்ள வரவேண்டிய அவசியமே இல்ல, தெருவுலயே கத்திக்கலாம்."

தம்பி மனைவி வீட்டில்கூட மசோதாவைப் பற்றிப் பேசுவதை நிறுத்திவிட்டார். "வீட்டுலயுமா மாமா?" என்று அந்த அம்மா கேட்டதற்கு, "ஒரு இடத்துல நாக்கை அவிழ்த்து விட்டா இன்னொரு இடத்துல கட்ட முடியாதும்மா" என்றாராம். அதன்பிறகு ஞாயிற்றுக்கிழமைகளில் வெயில், மழை, தையல் மிஷின் பெல்ட் இவற்றைப் பற்றி மட்டும் பேச்சு. எனக்கு அது அநியாயம் என்றுதான் பட்டது, இப்போதும் படுகிறது.

இரண்டாம் வருஷம் ஒரு சின்னச் சம்பவம். எண்ணி ஓட்டெடுப்பு நடத்தும்போது முதலில் மூன்று நிமிஷம் மணி அடிக்கும். கட்டிடத்தில் எங்கே இருந்தாலும் உறுப்பினர்கள் உள்ளே வந்துவிட வேண்டும். மணி நின்றதும் சபாநாயகர் "கதவுகளை மூடுங்கள்" என்பார், காவலர்கள் தாழ்ப்பாள் போடுவார்கள், அதன்பின் எண்ணிக்கை முடியும்வரை யாரும் உள்ளே வர முடியாது, வெளியே போக முடியாது. அன்று எதிர்க்கட்சியில் ஒரு பல் டாக்டர் அம்மா அரை நிமிஷம் பிந்திவிட்டார். கதவைத் தட்டினார். எதிர்க்கட்சி "திறங்க, திறங்க" என்று கத்தியது. கண்டக்டர் திறக்கவில்லை. அவர்களுடைய திருத்தம் ஒரே ஓட்டில் தோற்றது. ஆளுங்கட்சி மேஜையைத் தட்டிச் சிரித்தது. அந்தச் சிரிப்பு எனக்கு நன்றாக ஞாபகம் இருக்கிறது.

மூன்றாம் வருஷம்தான் மசோதா வந்தது. சிறு பஸ் முதலாளிகள் பிழைக்க முடியாது, டிரைவர்கள் கிடைக்க மாட்டார்கள் என்று எதிர்க்கட்சி எதிர்த்தது. முதல் கட்டத்தில் கேள்வி, மசோதாவை விவாதத்துக்கு எடுத்துக்கொள்ளலாமா வேண்டாமா என்பது. ஆளுங்கட்சியில் அன்று இரண்டு பேர் இல்லை. ஒருவருக்கு இடுப்பெலும்பு முறிந்து ஆஸ்பத்திரி, இன்னொருவருக்குத் தாயார் சாவு. இருபத்தொன்பதுக்கு இருபத்தொன்பது.

சபை மூச்சைப் பிடித்துக்கொண்டு மேடையைப் பார்த்தது. கண்டக்டர் எழுந்து சொன்னதை அப்படியே பதிவேட்டிலிருந்து தருகிறேன்: "சமமாக வந்திருக்கிறது. மேற்கொண்டு பேச இடம் இருக்கும்போது பேச்சை நான் அடைக்கக்கூடாது என்பது வழக்கம். அதனால் ஆம் என்று போடுகிறேன். மசோதா நல்லதா இல்லையா என்பது பற்றி நான் எதுவும் சொல்லவில்லை."

கடைசி வாக்கியத்தை யார் கேட்டார்கள்? ஆளுங்கட்சி வரிசைகளில் கைதட்டல். ஆளுங்கட்சிக் கொறடா என் மேஜையைக் கடந்து போகும்போது, "என்ன இருந்தாலும் நம்ம ரத்தம்" என்று சொல்லிவிட்டுப் போனார். பார்வையாளர் மாடத்தில் உட்கார்ந்திருந்த தம்பி மனைவி முந்தானையால் கண்ணைத் துடைத்துக்கொண்டார். அந்த வழக்கத்தின் மறுபாதி எனக்குத் தெரியும். இவர்களில் ஒருவரும் கேட்கவில்லை.

மறுபாதி இதுதான். பேச இன்னும் இடம் இருந்தால், பேச்சு தொடரும்படி ஓட்டு. பேச இடமே இல்லாத கடைசிக் கட்டத்தில் சமம் வந்தால், இருப்பது இருந்தபடி இருக்கும்படி ஓட்டு. சபையில் பாதிப் பேருக்குமேல் வேண்டும் என்று சொல்லாத ஒன்றை, தனி ஒருவர் மேடையிலிருந்து சட்டமாக்கக்கூடாது.

ஆறு வாரம் பிரிவு பிரிவாக விவாதம் நடந்தது. கடைசி ஓட்டெடுப்பு ஒரு புதன்கிழமை. இடுப்பெலும்புக்காரர் அதற்குள் வீட்டுக்கு வந்துவிட்டார், சக்கர நாற்காலியில் அழைத்து வரலாம். கொறடா வேண்டாம் என்றுவிட்டார். "பாவம், எதுக்கு அலைக்கழிக்கணும்? நம்மகிட்ட முப்பது, அவங்ககிட்ட இருபத்தொம்பது. ஒருத்தன் தவறினாலும் சமம். சமம் வந்தா மேல நம்ம கண்டக்டர் இருக்காரு." இதை அவர் தாழ்வாரத்தில் பத்துப் பேருக்கு நடுவில் சொன்னார். எதிர்க்கட்சிக்காரர் ஒருவர் அதைக் கேட்டுவிட்டு என்னைப் பார்த்தார். நான் கூரையைப் பார்த்தேன். நான் எந்தப் பக்கத்துக்கும் யோசனை சொல்லக்கூடாதவன். நாக்கு நுனிவரை வந்ததை விழுங்கிக்கொண்டேன். அது சரியா என்று இன்றுவரை எனக்குத் தெரியாது.

மணி அடித்தது. ஆளுங்கட்சியில் ஒருவர் உண்டு, எப்போதும் காதில் போனோடு திரிவார், நாங்கள் போன்காரர் என்போம். அவர் வெளி வராந்தாவில் யாரிடமோ பேசிக்கொண்டிருந்தார். கொறடாவின் ஆள் அவரைக் கூப்பிட, "வரேன், வரேன், நான் இல்லாட்டியும் குடி முழுகிடாது" என்று கையை ஆட்டினாராம். மணி நின்றது.

"கதவுகளை மூடுங்கள்" என்றார் கண்டக்டர்.

தாழ்ப்பாள் விழுந்து நாலு நொடி இருக்காது, கிழக்குக் கதவில் தட்டுகிற சத்தம். முதலில் மெதுவாக. பிறகு இரண்டு கையாலும். காவலர் திரும்பி மேடையைப் பார்த்தார். கதவைத் திறக்கச் சொல்ல அந்தக் கட்டிடத்தில் ஒருவருக்குத்தான் அதிகாரம். ஒரு தலையசைப்பு போதும், மசோதா முப்பதுக்கு இருபத்தொன்பதில் தேறிவிடும். சபாநாயகர் ஓட்டே போட வேண்டியிருக்காது. கெட்ட பேரும் இல்லை.

அவர் என் பக்கம் குனிந்தார். "சார், ஓட்டெடுப்பு ஆரம்பிச்சாச்சா?"

"கதவு மூடியாச்சு சார்" என்றேன்.

அவ்வளவுதான் பேச்சு. எதிர் வரிசையில் பல் டாக்டர் அம்மா அவர் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தார். மேலே மாடத்தில் தம்பி மனைவி கம்பியைப் பிடித்துக்கொண்டு எழுந்து நின்றிருந்தார். வெளியே தட்டல் நிற்கவில்லை. கண்டக்டர் அந்தக் கதவுப் பக்கம் திரும்பவே இல்லை. "ஆம் என்போர் எழுந்து நிற்கலாம்" என்றார்.

எண்ணினோம். இரண்டு முறை எண்ணினோம். சீட்டை நான்தான் மேலே நீட்டினேன். இருபத்தொன்பது, இருபத்தொன்பது.

ஆளுங்கட்சி வரிசையில் சிலர் அப்போதே கைதட்ட ஆரம்பித்துவிட்டார்கள். கண்டக்டர் அது அடங்கும்வரை நின்றார். முகம் கல்லாக இருந்தது என்று மறுநாள் பத்திரிகையில் எழுதினார்கள். பொய். நான் மூன்றடியில் இருந்தேன். உதடு இரண்டு முறை நடுங்கியது, மூன்றாவது முறைதான் சத்தம் வந்தது. "இனி பேச இடம் இல்லை. மசோதாவுக்குப் பெரும்பான்மை கிடைக்கவில்லை. இல்லாத பெரும்பான்மையை நான் உண்டாக்கக்கூடாது. சட்டம் இப்போது இருக்கிறபடி இருக்கட்டும். இல்லை என்று போடுகிறேன். மசோதா தோற்றது."

கதவைத் திறந்தார்கள். போன்காரர் வேர்த்து விறுவிறுத்து உள்ளே வந்து, யாரையும் பார்க்காமல் தன் இடத்தில் உட்கார்ந்தார். நான் மாடத்தை நிமிர்ந்து பார்த்தபோது தம்பி மனைவி போய்விட்டிருந்தார்.

சாயங்காலம் கொறடா சபாநாயகர் அறைக்கு வந்தார். நானும் அங்கே கோப்போடு நின்றிருந்தேன். "போ" என்று யாரும் சொல்லாததால் நின்றேன்.

"தம்பி ரத்தத்தை வித்துட்டீங்களே" என்றார் கொறடா.

கண்டக்டர் கண்ணாடியைக் கழற்றி மேஜைமேல் வைத்தார்.

"யாரு தயவுல உக்காந்திருக்கீங்கன்னு மறந்து போச்சு. அடுத்த பட்ஜெட்ல உங்க சம்பளத்துல கை வைக்கறோமா இல்லையா பாருங்க."

சிரிக்கக்கூடாத நேரத்தில் எனக்குச் சிரிப்பு வந்துவிட்டது. சபாநாயகர் சம்பளம் வருஷாவருஷம் சபை ஓட்டுக்கு வருவதில்லை. யாரும் அதைக் காட்டி மிரட்டக்கூடாது என்றே அதைத் தனியாக, ஓட்டுக்கு அப்பாற்பட்ட இனத்தில் வைத்திருக்கிறார்கள். அவர் தீர்ப்பைக் கோர்ட்டிலும் கேட்க முடியாது, போகிறபோக்கில் சபையில் குறை சொல்லவும் முடியாது. கொறடாவுக்கு இதை நான்தான் சொல்ல வேண்டியிருந்தது. அவர் என்னை முறைத்துவிட்டு, "அப்ப ஆளையே தூக்கறோம்" என்றார்.

"அதுக்கு வழி இருக்கு" என்றார் கண்டக்டர் அமைதியாக. "எழுத்துல நோட்டீஸ் குடுங்க. பதினாலு நாள் கழிச்சு எடுத்துக்கணும். அன்னைக்கு நான் நாற்காலியில உக்கார மாட்டேன். சபைக்கு வந்திருக்கறவங்கள்ல பாதி போதாது, மொத்த உறுப்பினர்கள்ல பாதிக்கு மேல வேணும். முப்பத்தொண்ணு. சார், அவங்களுக்குப் படிவம் எடுத்துக் குடுங்க."

தன்னை நீக்கும் படிவத்தைத் தானே எடுத்துக் கொடுக்கச் சொன்ன ஆளை நான் அன்றுதான் பார்த்தேன்.

அந்த ஞாயிற்றுக்கிழமை அவர் தம்பி மனைவி வீட்டுக்குப் போனார். கதவு பூட்டியிருந்தது. அடுத்த ஞாயிறும் போனார். உள்ளே தையல் மிஷின் ஓடுகிற சத்தம் கேட்டதாம். கூப்பிட்டதும் நின்றுவிட்டதாம். கதவு திறக்கவில்லை. அதற்கப்புறம் அவர் போகவில்லை. இதை அவர் என்னிடம் சொன்னது கோப்பில் கையெழுத்துப் போட்டுக்கொண்டே. எனக்கு அந்த அம்மாமேல் ஆத்திரம் வந்து, "இத்தனை வருஷம் பார்த்தவங்க, இவ்வளவுகூடப் புரிஞ்சுக்க மாட்டாங்களா?" என்றேன்.

பேனாவைக் கீழே வைத்தார். "அவளைச் சொல்லாதீங்க. நடுவுல நிக்கறது என் வேலை. அவ ஏன் நடுவுல நிக்கணும்? அவ புருஷன் பக்கம் நிக்கறா. நானும் இருபது வருஷம் அங்கதான் நின்னேன்."

பதினான்கு நாள் கழித்துத் தீர்மானம் வந்தது. துணைச் சபாநாயகர் எதிர்க்கட்சிக்காரர், அன்று அவர் மேடையில். கண்டக்டர் கீழே, கடைசி வரிசையில், பழைய பஸ்ஸில் ஏறிய பயணிபோல ஓரமாக உட்கார்ந்திருந்தார். தன்மேல் வந்த தீர்மானத்தில் பேசவும் ஓட்டுப் போடவும் அவருக்கு உரிமை உண்டு. மூன்று வருஷத்துக்குப் பிறகு அந்தச் சபையில் பேசப் போகிறார் என்று மாடமே நிரம்பியிருந்தது. தம்பி மனைவி வரவில்லை. நான் மூன்று முறை பார்த்தேன்.

ஐந்து நிமிஷம்தான் பேசினார். தம்பியைப் பற்றி ஒரு சொல் இல்லை. "போன வருஷம் இதே கதவை ஒரு அம்மா தட்டினாங்க. நான் திறக்கல. அன்னைக்கு இந்தப் பக்கம் சிரிச்சீங்க. அது சரின்னா இதுவும் சரி. இது தப்புன்னா அதுவும் தப்பு, அதுக்கு அந்த அம்மாகிட்ட நான் மன்னிப்புக் கேக்கணும். முதல் தடவை ஆம்னு போட்டதும் இப்ப இல்லைன்னு போட்டதும் ஒரே வழக்கம்தான். நீங்க பாதியை மட்டும் எடுத்துக்கிட்டீங்க. வேற சொல்ல ஒண்ணும் இல்ல." உட்கார்ந்துவிட்டார்.

இம்முறை கொறடா இடுப்பெலும்புக்காரரைச் சக்கர நாற்காலியோடு தூக்கி வந்திருந்தார். மணி அடிக்கும் முன்பே எல்லோரும் உள்ளே. முப்பத்தொன்று கையில் இருந்தது. "ஆம் என்போர்" என்றதும் எழுந்தார்கள். எண்ணிக்கொண்டே வந்த நான் மூன்றாம் வரிசைக்கு வந்ததும் எண்ணுவதை நிறுத்தினேன். போன்காரர் எழுந்திருக்கவில்லை. கொறடா அவர் தோளைப் பிடித்து இழுத்தார். "என் தப்புக்கு அந்தாள் தலையை எப்படிங்க எடுப்பேன்? நான்தானே வெளிய நின்னேன்" என்று எல்லோருக்கும் கேட்கும்படி சொல்லிவிட்டு, இல்லை என்போர் வரிசையில் எழுந்து நின்றார். கண்டக்டர் ஓட்டுப் போடவில்லை. முப்பது. ஒன்று குறைந்து தீர்மானம் தோற்றது.

கண்டக்டர் மேடைக்கு ஏறி வந்தபோது எதிர்க்கட்சி கைதட்டியது. "அமைதி" என்றார் எரிச்சலோடு. அந்தக் கைதட்டல்தான் அவரை அதிகம் சுட்டிருக்கும் என்று நினைக்கிறேன். நீ எங்கள் ஆள் என்று இவர்களும் நினைத்துவிட்டார்களே என்று.

தோற்ற மசோதாவை அதே கூட்டத்தொடரில் மறுபடி கொண்டுவர முடியாது. அடுத்த தொடருக்கு ஏழு மாதம். ஐந்தாவது மாதம் மலைப்பாதையில் ஒரு பஸ் உருண்டது. டிரைவரோடு நாலு பேர் போனார்கள். டிரைவர் அன்று பதினைந்து மணி நேரம் ஓட்டியிருந்தார். அப்போது அதே தொடரின் நீட்டிப்பாகச் சபை ஒரு வாரம் கூடியிருந்தது. இரங்கல் தீர்மானத்தைச் சபாநாயகர்தான் படிக்க வேண்டும். நாலு பேர் பெயரையும் படித்தார், இரண்டு நிமிஷம் எழுந்து நிற்கச் சொன்னார். பதினைந்து மணி நேரம் என்ற சொல் அவர் வாயில் வரவில்லை, வரக்கூடாது. அன்று மத்தியானம் டிபன் பாக்ஸ் திறக்காமலே திரும்பிப் போனது. கதவுப் பக்கம் அன்று தலையசைத்திருந்தால் என்று அவர் நினைத்தாரா என்று நான் கேட்கவில்லை. நான் நினைத்தேன். என் அறைக்குப் போய்க் கதவைச் சாத்திக்கொண்டு அழுதேன், அதையும் சொல்லிவிடுகிறேன்.

அடுத்த தொடரில் மசோதா வந்தது. சிறு முதலாளிகளுக்கு இரண்டு வருஷ அவகாசம் என்று ஒரு திருத்தத்தோடு எதிர்க்கட்சியிலும் பலர் சேர்ந்துகொண்டார்கள். நாற்பத்தேழுக்குப் பதின்மூன்று. சமம் இல்லை, அதனால் கண்டக்டருக்கு வேலையும் இல்லை. எண்ணிக்கையைப் படித்தார். சபை நிறைவேற்றியது என்று அவர் சான்றொப்பம் இட வேண்டிய பிரதியை நான் கொண்டுபோனேன். கையெழுத்துப் போட்டார். மை காயும்வரை பார்த்துக்கொண்டிருந்தார்.

பத்து நாள் கழித்துத் தம்பி மனைவி என் அறைக்கு வந்தார். கையில் பார்வையாளர் சீட்டு. நாற்காலியைக் காட்டினேன், உட்காரவில்லை.

"இந்த தடவை அவர் வேணும்னு போட்டாரா?"

"இல்லம்மா. சமமா வந்தாத்தான் அவர் போட முடியும்."

"அப்ப அந்தச் சட்டம் வேணும்னு அவர் வாயால ஒரு தடவைகூடச் சொல்லலையா?"

"இங்க சொல்லக்கூடாதும்மா."

கையிலிருந்த சீட்டை இரண்டாக மடித்தார். "அவர் உள்ளதான் இருக்கார்" என்றேன். "பார்க்கறீங்களா?"

"இந்த வேலையில இருக்கறவரைப் பார்க்க எனக்கு மனசு வரல" என்றார். "தப்பா எடுத்துக்காதீங்க. அவர் செஞ்சது சரிதான்னு எல்லாரும் சொல்றாங்க, இருக்கட்டும். இது எப்ப முடியும்?"

"தேர்தலுக்கு இன்னும் ஒன்பது மாசம் இருக்கும்மா."

"முடிஞ்சதும் வரச் சொல்லுங்க. சபாநாயகர் வேண்டாம். எங்க மாமா வரட்டும்."

அவரிடம் சொன்னேன். சரி என்று தலையாட்டினார், மேஜைமேல் இருந்த தாள்களை அடுக்கினார், கலைத்துவிட்டு மறுபடி அடுக்கினார்.

ஒன்பது மாதத்தில் சபை கலைந்தது. அறுபது பேரும் ஒரே நாளில் வெறும் ஆட்கள் ஆனார்கள், தொகுதிக்கு ஓடினார்கள். சபாநாயகர் மட்டும் அப்படிப் போக முடியாது. புதுச் சபை முதன்முதலில் கூடும் நிமிஷத்துக்கு முந்தின நிமிஷம்வரை அவர் பதவியில் இருக்க வேண்டும், நாற்காலி ஒரு நாளும் காலியாகக்கூடாது. அவர் தேர்தலில் நிற்கவில்லை. யார் சின்னத்தில் நிற்பார்? இரண்டரை மாதம் காலிக் கட்டிடத்துக்குத் தினமும் பத்து மணிக்கு வந்தார். நாற்காலிகளுக்கு உறை போட்டிருந்தார்கள். "ராஜினாமா குடுத்துட்டு ஞாயித்துக்கிழமை சாப்பாட்டுக்குப் போகலாமே சார், யார் கேக்கப் போறாங்க?" என்று ஒருநாள் சொன்னேன். "நீங்க கேப்பீங்க" என்றார்.

புதுச் சபை ஒரு திங்கட்கிழமை காலை பதினொரு மணிக்குக் கூடியது. புது உறுப்பினர்களுக்குப் பிரமாணம் செய்து வைக்க மூத்தவர் ஒருவரை நியமித்திருந்தார்கள். பத்து ஐம்பத்தொன்பதுக்குக் கண்டக்டர் தன் அறையிலிருந்து வெளியே வந்தார். கையில் ஒரு துணிப்பை. தாழ்வாரத்தில் ஒருவருக்கும் அவரைக் கவனிக்க நேரமில்லை. நான் உள்ளே போக வேண்டியவன், வாசல்வரை வழியனுப்பக்கூட முடியவில்லை. கைகூப்பினேன். அவரும் கைகூப்பிவிட்டுப் பஸ் நிறுத்தம் பக்கம் நடந்தார்.

மறுநாள் அவரிடமிருந்து போன் வந்தது. குரல் கம்மியிருந்தது. சளியா என்று கேட்டேன்.

"சளி இல்ல சார். நேத்து நேரா அங்கதான் போனேன். தட்டு வச்சா. உக்காந்தேன். அவ எதிர்ல உக்காந்து, 'இப்பச் சொல்லுங்க மாமா, அந்தச் சட்டம் வேணுமா வேண்டாமா?'ன்னு கேட்டா."

"நீங்க என்ன சொன்னீங்க?"

"ரெண்டு மணி நேரம் பேசினேன் சார். விடல. முதல் பிரிவுல ஆரம்பிச்சு ஒவ்வொண்ணா, எது ஏன் வேணும், எதை இவங்க கெடுத்தாங்க, அவன் அன்னைக்கு எத்தனை மணிக்கு வண்டி எடுத்தான், எல்லாம். தொண்டை கட்டிப்போச்சு. கடைசில அவதான், 'போதும் மாமா, சாப்பாடு ஆறுது'ன்னா."